இரண்டு சுழற்சிகள், ஒரு வரிசை: ஜிக்-ஜிக் ஏன் தனித்துக் கற்பிக்கப்பட வேண்டும்?

ஸ்பிளே மரத்தைக் கற்பிக்கும்போது ஜிக், ஜிக்-ஜிக், ஜிக்-ஜாக் ஆகிய மூன்று நிலைகளும் சம எடையுடன் கரும்பலகையில் வரையப்படுவது வழக்கம். மாணவர்களும் மூன்று படங்களை மனனம் செய்துகொள்கின்றனர். இந்தச் சமத்துவம்தான் பாடத்தின் உயிரை மறைத்துவிடுகிறது. ஸ்லீட்டரும் டார்ஜனும் 1985-இல் வெளியிட்ட இம்முறையை, அதற்கு முந்தைய எளிய முறையிலிருந்து பிரித்துக் காட்டுவது ஜிக்-ஜிக் ஒன்றுதான்.

அந்த எளிய முறை, தேடிய கணுவை அதன் பெற்றோருடன் மீண்டும் மீண்டும் சுழற்றி வேருக்குக் கொண்டுவருவது. ஜிக்-ஜாக் நிலையில் கணு ஒரு பக்கமும் பெற்றோர் மறுபக்கமும் பிள்ளையாக இருக்கும். அங்கே ஸ்பிளே செய்வதும் இதையேதான். இரு முறைகளும் ஒரே மரத்தைத் தரும். கணுவும் பெற்றோரும் ஒரே பக்கத்துப் பிள்ளைகளாக இருக்கும் ஜிக்-ஜிக் நிலையில் மட்டுமே ஸ்பிளே வரிசையை மாற்றுகிறது: முதலில் பெற்றோரைப் பாட்டனுக்கு மேலே சுழற்றுகிறது, பிறகே கணுவைப் பெற்றோருக்கு மேலே சுழற்றுகிறது.

```
if zigzig(x): rotate(p); rotate(x)
else:         rotate(x); rotate(x)
```

இரண்டும் இடப்பக்கப் பிள்ளைகள் எனக் கொள்வோம். கணுவின் வலக்கிளைக்கு என்ன நேர்கிறது என்பதே கவனிக்க வேண்டியது. தொடக்கத்தில் அதற்கு மேலே பாட்டன், பெற்றோர், கணு என மூன்று கணுக்கள் உள்ளன. எளிய முறையில் சுழற்றி முடித்த பின்னும் கணு, பாட்டன், பெற்றோர் என மூன்றே நிற்கின்றன. கிளை ஒரு படிகூட ஏறவில்லை. ஸ்பிளே முறையிலோ கணுவும் பெற்றோரும் மட்டுமே மேலே உள்ளன. ஏறும் வழியில் கணு தன் பின்னே விட்டுவந்தவையெல்லாம் இந்த வலக்கிளையில்தான் சேர்கின்றன. ஆகவே ஒவ்வொரு ஜிக்-ஜிக்கிலும் கிடைக்கும் இந்த ஒரு படி, நீண்ட பாதையை ஏறத்தாழப் பாதியாக மடித்துவிடுகிறது.

7 வேராகவும் 1 அடியிலும் அமைந்த இடச்சரிவுச் சங்கிலி ஒன்றை எடுத்துக்கொள்வோம். 1, 2, 3 என்று 7 வரை வரிசையாகத் தேடி, ஒவ்வொரு தேடலிலும் தொட்ட கணுக்களை எண்ணுவோம். எளிய முறையில் 1-ஐத் தேடியபின் அது வேராகிறது. அதன் வலப்புறத்தில் 7 முதல் 2 வரையிலான சங்கிலி குலையாமல் தொங்குகிறது. செலவு 7, 7, 6, 5, 4, 3, 2, மொத்தம் 34. ஸ்பிளே முறையில் முதல் தேடலுக்கு அதே 7 ஆகிறது. ஆனால் அதற்குப்பின் 1-இன் வலப்பிள்ளை 6. அதன் கீழே 4-உம் 7-உம். 4-இன் கீழே 2-உம் 5-உம். அடுத்த செலவுகள் 4, 3, 2, 3, 2, 2, மொத்தம் 23.

பதினொன்று என்னும் வேறுபாடு அற்பமாகத் தோன்றலாம். எளிய முறையில் n கணுக்களுக்கு ஒரு சுற்றின் செலவு n + n(n+1)/2 − 1. 1000 கணுக்களுக்கு 5,01,499. சுற்றின் முடிவில் மரம் பழைய சங்கிலியாகவே திரும்பிவிடுவதால் அடுத்த சுற்றும் அதே செலவைக் கேட்கும். ஸ்பிளே மரத்தில் இத்தகைய வரிசைத் தேடலின் மொத்தச் செலவு n-க்கு நேர்விகிதத்தைத் தாண்டாது என்று டார்ஜன் நிறுவியுள்ளார்.

ஆற்றல் சார்பைக் கொண்ட நிறுவலும் அதே வலக்கிளையில்தான் நிற்கிறது. ஸ்பிளே முறையில் கணுவின் பழைய கிளைமரமும் பாட்டனின் புதிய கிளைமரமும் பொதுக் கணு இல்லாதவை. அதனால் இரு சுழற்சிகளின் செலவையும் ஆற்றல் இறக்கமே ஈடுகட்டுகிறது. வரிசையை மாற்றினால் வலக்கிளை இரண்டிலும் இடம்பெற்று அந்த வாதம் உடைகிறது.

இந்தப் பிழை எளிதில் அகப்படாது என்பதே கவலைக்குரியது. ஜிக்-ஜிக்கில் வரிசையை மாற்றி எழுதிய நிரலும் செல்லுபடியாகும் தேடல் மரத்தையே தரும். விடைகள் அனைத்தும் சரியாக இருக்கும். தற்போக்குச் சோதனையும் உதவாது. தேடல்கள் ஒன்றையொன்று சாராதவையாயின் எளிய முறையின் சராசரிச் செலவு, மிகச் சிறந்த நிலையான மரத்தின் செலவைப்போல் ஏறத்தாழ 1.39 மடங்கைத் தாண்டாது என்று ஆலனும் மன்றோவும் 1978-இலேயே காட்டிவிட்டனர். ஆய்வகத்தில் அத்தகைய தரவை மட்டும் கொடுத்து மதிப்பெண் இட்டால் தவறான நிரல் முழு மதிப்பெண் பெறும். ஆனால் அகரவரிசைச் சொற்பட்டியலைத் தொடக்கம் முதல் இறுதி வரை தேடும் மொழியியல் பணியில் அது முடங்கிவிடும்.

ஆதலால் ஆய்வகத் தேர்வில் ஒரு சோதனை கட்டாயமாக வேண்டும்: 1 முதல் n வரை ஏறுவரிசையில் சேர்த்து, அதே வரிசையில் தேடி, தொட்ட கணுக்களை எண்ணச் செய்வது. n-ஐ இரட்டிப்பாக்கும்போது எண்ணிக்கை இரட்டித்தால் நிரல் ஸ்பிளே. நான்கு மடங்கானால் அது ஸ்பிளே என்று பெயர் சூட்டிக்கொண்ட பழைய முறை.