ஒரு மன்னிப்புக் கடிதம்



இந்த இதழில் ஒரு கடிதம் வருகிறது. நம் இளம் வாசகி ஒருவர் தன் உயிர்த்தோழிக்கு எழுதியது. தோழி, பெண்ணை விரும்பும் பெண். அது தெரியாத நாளில் விடுதி அறையில் பேசிய பேச்சுக்கு இவர் இப்போது மன்னிப்புக் கேட்கிறார். தோழியும் சம்மதித்த பிறகே அச்சுக்குக் கொடுத்தோம். அவர் வீட்டில் இன்னும் யாருக்கும் தெரியாது என்பதால் ஊர், பெயர், கல்லூரி எல்லாவற்றையும் எடுத்துவிட்டோம்.

‘ஏதாவது தப்பாகப் பேசியிருந்தால் மன்னித்துவிடு’ என்று ஒரே வரியில் முடிப்பதுதான் பெரும்பாலும் நம் வழக்கம். இவர் அப்படி நழுவவில்லை. டிவியில் இரண்டு பெண்கள் கைகோத்து வரும் காட்சியைப் பார்த்து, “இதுங்களை எல்லாம் டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகணும்” என்று தான் சொன்னதைச் சொல் மாறாமல் எழுதியிருக்கிறார். அறையே சிரித்ததையும், தோழி மட்டும் துவைத்த துணியை அள்ளிக்கொண்டு மாடிக்குப் போனதையும், தான் அதைப் பார்த்தும் பின்னால் போகாததையும் எழுதியிருக்கிறார். அந்தப் பத்தியில் எனக்குத் தொண்டை அடைத்தது.

டாக்டரிடம் கூட்டிப் போவது என்பது விளையாட்டுப் பேச்சு அல்ல. பிள்ளைகளை ‘மாற்ற’ச் சொல்லி நிஜமாகவே அழைத்துப் போகும் பெற்றோர் உண்டு. பெற்றோருக்கு அஞ்சி மதுரையிலிருந்து சென்னைக்கு வந்த இரண்டு இளம்பெண்கள் பாதுகாப்புக் கேட்டு உயர்நீதிமன்றம் போனார்கள். அந்த வழக்கில் 2021-ல் நீதிபதி என். ஆனந்த் வெங்கடேஷ் இத்தகைய ‘சிகிச்சை’யைத் தடைசெய்தார். அதற்கு முன், இந்த விஷயம் தனக்கே சரியாகப் புரியவில்லை என்று வெளிப்படையாகச் சொல்லி, உளவியலாளர் ஒருவரிடம் உட்கார்ந்து கேட்டுத் தெரிந்துகொண்டார். தன்பாலின ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து உலக சுகாதார நிறுவனம் 1990-லேயே எடுத்துவிட்டது. நம் வாசகிக்கு அந்த அறையில் இது எதுவும் தெரியாது. ஆனால் ‘தெரியாமல் பேசிவிட்டேன்’ என்பதை அவர் சாக்காக எங்கும் வைக்கவில்லை. ‘என்னை மன்னித்தாயா’ என்று பதிலுக்கும் நெருக்கவில்லை.

ஒரே ஓர் இடத்தில் எனக்கு உடன்பாடில்லை. ‘இனி யார் இப்படிப் பேசினாலும் உனக்காகச் சண்டை போடுவேன்’ என்கிறார். நல்ல மனசுதான். ஆனால் தோழியின் பெயரை இழுத்துப் போடும் சண்டை, அவர் மறைத்து வைத்திருப்பதை ஊருக்குக் காட்டிக்கொடுத்துவிடும். தப்பாகப் பேசுகிறவரிடம் ‘அப்படிப் பேசாதே’ என்று சொல்வதற்கு யாரையும் உதாரணம் காட்ட வேண்டியதில்லை.

இப்படி ஒரு கடிதம் உங்களுக்கும் எழுதத் தோன்றினால் எழுதுங்கள். ஆனால் வீட்டு முகவரிக்குத் தபாலில் போடாதீர்கள், வீட்டார் எடுத்துப் பார்க்கக்கூடிய போனுக்கும் அனுப்பாதீர்கள். நேரில் கையில் கொடுங்கள். பதில் வராவிட்டால், மறுபடி கேட்காதீர்கள்.

அன்புடன்,
ஆசிரியர்