மூன்றாவது பெட்டி வேண்டாம்

எங்கள் வீடு பழைய வீடு. வாசல் கூடத்துக்கும் பின்கட்டு அறைக்கும் நடுவே இரண்டு கனத்த சுண்ணாம்புச் சுவர்கள். ரவுட்டர் கூடத்தில் இருந்ததால் பின்கட்டில் வைஃபை சரியாக வராது. என் மனைவிக்கு முழங்கால் ஆபரேஷன் ஆனபின் டாக்டர் வாரம் ஒருமுறை வீடியோவில் பேசுவார். "காலை மடக்கிக் காட்டுங்கம்மா" என்பதற்குள் படம் உறைந்துவிடும்.

எனவே மெஷ் செட் ஒன்று வாங்கினோம். ஒரு பெட்டி கூடத்தில், இன்னொன்று பின்கட்டு அலமாரியில். நடுவே கேபிள். இரண்டுக்கும் ஒரே பெயர், ஒரே பாஸ்வேர்டு. கட்டிலிலிருந்து மூன்றடியில் பெட்டி இருந்தும் படம் உறைவது நிற்கவில்லை. மாட்டிக் கொடுத்த பையன் வந்து பார்த்துவிட்டு, "நடுவுல இன்னொரு பெட்டி வெச்சா சரியாயிடும் சார்" என்றான்.

வேண்டாம் என்றேன். நீங்களும் அப்படியே சொல்லவேண்டும் என்பதுதான் இந்தக் கட்டுரை.

மெஷ் செயலியில் எந்த போன் எந்தப் பெட்டியோடு பேசுகிறது என்று ஒரு பட்டியல் உண்டு. திறந்து பார்த்தேன். மனைவியின் போன் பக்கத்துப் பெட்டியை விட்டுவிட்டு, கூடத்துப் பெட்டியைத்தான் பிடித்துக்கொண்டிருந்தது. கூடத்தில் உட்கார்ந்திருந்தவள் போனோடு எழுந்து பின்கட்டுக்கு வந்திருக்கிறாள். அவள் வந்தாள், இணைப்பு வரவில்லை.

எந்தப் பெட்டிக்கு மாறுவது என்று முடிவு செய்வது யார்? பெட்டிதான் என்று நானும் நினைத்திருந்தேன். இல்லை, போன்தான். பெட்டி சிபாரிசு செய்யலாம். போன் அதைக் கேட்கவேண்டும் என்ற கட்டாயமில்லை.

போனுக்கு ஒரு கணக்கு இருக்கிறது. சிக்னலின் அளவை மைனஸ் எண்ணில் சொல்வார்கள். பூஜ்யத்துக்கு எவ்வளவு கிட்டமோ அவ்வளவு பலம். பத்து எண் கூடினால் பலம் பத்து மடங்கு. ஐபோனைப் பற்றி அதன் நிறுவனமே வெளியிட்டிருக்கும் கணக்கு இது: பிடித்திருக்கும் சிக்னல் -70 dBm வரை இறங்கும் மட்டும் அது வேறு பெட்டியைத் தேடாது. தேடும்போதும், புதியது 8 எண்ணாவது கூடுதலாக இருக்கவேண்டும். போன் சும்மா இருக்கும் நேரமென்றால் 12. மற்ற போன்களுக்கு வேறு எண்கள் இருக்கலாம், முறை இதுதான்.

என் ஆண்ட்ராய்டு போனில் வைஃபை அளக்கும் செயலியைப் போட்டுக் கட்டிலில் வைத்தேன். பக்கத்துப் பெட்டி -43. கூடத்துப் பெட்டி -68. பலத்தில் முன்னூறு மடங்கு வித்தியாசம்! ஆனால் -68 என்பது எல்லைக்கு இரண்டு எண் மேலே. எனவே தேடுவானேன் என்று போன் இருந்துவிட்டது.

போனைத் திட்டிப் பயனில்லை. அடிக்கடி தேடினால் பேட்டரி தீரும், மாறும் கணத்தில் பேச்சு அறுபடலாம். அறை வாசலில் நின்றால் இரண்டு பெட்டிக்கும் நடுவே ஊசலாடிக்கொண்டே இருக்கும். அதற்காக வைத்த எல்லை அது.

அப்படியானால் -68-ல் படம் ஏன் உறைந்தது? பெட்டியின் குரல் பெரிது, போனின் குரல் சிறிது. பெட்டி சொல்வது போனுக்குக் கேட்கிறது. போன் திருப்பி அனுப்பும் படம் இரண்டு சுவர் தாண்டித் தேய்ந்துபோகிறது. திரையில் தெரியும் கோடுகள் போன் கேட்பதைத்தான் காட்டும், அது கேட்கப்படுகிறதா என்பதைக் காட்டாது.

ஆகவே நோய் சிக்னல் குறைவு அல்ல, கூடத்துப் பெட்டியின் சத்தம் அதிகம். மூன்றாவது பெட்டி வைத்தால் பிடித்துத் தொங்க இன்னொரு கிளை கிடைக்கும், அவ்வளவே. கூடத்துப் பெட்டியின் செட்டிங்கில் "Transmit Power" என்ற இடத்தில் High என்றிருந்ததை Medium ஆக்கினேன். கட்டிலில் அளந்தால் இப்போது -75. அன்று மாலை மனைவி கூடத்திலிருந்து நடந்து வந்தாள். பின்கட்டில் கால் வைத்த சில நொடியில் செயலிப் பட்டியலில் அவள் போன் பெட்டி மாறியிருந்தது.

எல்லா மெஷ் செட்டிலும் இந்த வசதி இல்லை. இல்லையென்றால் முன்பெட்டியை வாசல் பக்கம் நகர்த்திப் பாருங்கள். கேபிள் இல்லாமல் பெட்டிகள் காற்றிலேயே பேசிக்கொள்ளும் வீட்டில் சத்தத்தை ரொம்பக் குறைத்தாலும், தள்ளி நகர்த்தினாலும், பின்பெட்டியே பட்டினி கிடக்கும். அவசரத்துக்கு, பின்கட்டுக்கு வந்ததும் போனில் வைஃபையை அணைத்துப் போட்டால் போதும். பெரும்பாலும் பக்கத்துப் பெட்டியையே பிடிக்கும்.

போன வாரம் டாக்டர் இருபது நிமிடம் பேசினார். முழங்கால் எவ்வளவு மடங்குகிறது என்று முழுசாகப் பார்த்துவிட்டு, இன்னும் மடக்கவேண்டும் என்று சொல்லியிருக்கிறார்.