ராக்குக்கு எந்தத் தமிழ்?

ராக் இசைக்குத் தமிழ் ஒத்துவராது என்று சொல்கிறவர்களைக் கல்லூரி நாள்களிலிருந்து பார்த்துவருகிறேன். பெரும்பாலும் தமிழர்கள்தான் சொல்கிறார்கள். ஆங்கிலம் தாளத்தில் சட்டென்று உட்காருமாம், தமிழ் இழுக்குமாம். இதை ஏதோ இலக்கண உண்மைபோலப் பேசுகிறார்கள். எனக்கு இது இலக்கணமாகப் படவில்லை. எந்தத் தமிழ், யாருடைய வாயில் இருக்கிற தமிழ் என்று கேட்காமலேயே முடித்துவைத்த தீர்ப்பு இது.

இதே சண்டை ஜப்பானில் 1970இல் நடந்திருக்கிறது. அங்கே இசைப் பத்திரிகைகளிலேயே விவாதித்துக்கொண்டார்கள். உசிதா யூயா என்ற பாடகர் ஒரு பக்கம். ஜப்பானிய மொழி ராக் தாளத்தில் ஏறாது, உலகத்துக்குப் போக வேண்டுமானால் ஆங்கிலம்தான் என்றார். அவர் உருவாக்கிய 'ஃபிளவர் டிராவலிங் பேண்ட்' ஆங்கிலத்தில் பாடிக்கொண்டு கனடாவரை போனது. மறுபக்கம் 'ஹாப்பி எண்ட்' என்ற நால்வர் குழு. 1971இல் 'கஸெமாச்சி ரோமன்' என்ற இசைத்தட்டை முழுக்க ஜப்பானிய மொழியில் கொண்டுவந்தார்கள். அதற்குப் பாட்டு எழுதிய மட்சுமோட்டோ தகாஷிதான் அந்தக் குழுவின் டிரம்ஸ்காரர் என்பதைக் கவனிக்க வேண்டும். தாளத்தை அடிக்கிற கையே சொல்லையும் எழுதியது. சொல்லை எங்கே உடைக்கலாம், எங்கே நிறுத்தலாம் என்று அடிக்கிறவனுக்குத் தெரியும். பிறகு ஜப்பானில் தாய்மொழி ராக்தான் வேர்பிடித்தது. ஏறாது என்று சொல்லப்பட்ட மொழி ஏறிவிட்டது.

நம்ம ஊருக்கு வருவோம். இங்கே ராக் வந்த பாதையே வேறு. ஆங்கிலோ இந்தியர் குடும்பங்கள், கான்வென்டுகள், பெருநகரக் கல்லூரிகள் வழியாக வந்தது. எழுபதுகளின் தொடக்கத்தில் இம்பீரியல் டுபாக்கோ கம்பெனி 'சிம்லா பீட்' என்று போட்டி நடத்தி 1970, 71 இரண்டு ஆண்டும் இசைத்தட்டு வெளியிட்டது. பல ஊர்க் குழுக்கள் சொந்தமாகப் பாட்டு எழுதிப் பாடின. எழுதியது ஆங்கிலத்தில். கல்கத்தாவில் கௌதம் சட்டோபாத்யாயும் தோழர்களும் 'மொஹீனேர் கோராகுலி' என்ற குழுவை அமைத்து 1977இல் வங்காளத்தில் முதல் தட்டைப் போட்டபோது பெரிதாகச் சீந்துவாரில்லை. இன்றைக்குத்தான் முன்னோடிகள் என்கிறார்கள்.

தமிழ்நாட்டில் இன்னொரு சங்கடமும் உண்டு. இங்கே எந்த வாத்தியம் வந்தாலும் சினிமா முதலில் எடுத்துக்கொள்ளும். டிரம்ஸும் எலக்ட்ரிக் கிட்டாரும் தமிழில் ஒலித்தால் அது சினிமாப் பாட்டு என்றே காது பழகிவிட்டது. ஆகவே 'நாங்க சினிமா இல்ல' என்று காட்டிக்கொள்ளவே நகரத்துக் குழுக்களுக்கு ஆங்கிலம் தேவைப்பட்டது. அது மொழித் தேர்வு மட்டுமல்ல, வகுப்புச் சான்றிதழும்கூட. எங்கள் சேர்வராயன் மலையில் 1917இல் தொடங்கிய மான்ட்ஃபோர்ட் முதலாகப் பெயர்பெற்ற விடுதிப் பள்ளிகள் இருக்கின்றன. மதிலுக்கு இந்தப் பக்கம் காப்பித் தோட்டக் கூலிகளின் பிள்ளைகள். கிட்டார் எந்தப் பக்கம் இருந்தது என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

இப்போது அந்த 'ஒத்துவராது' என்பதைக் கையில் எடுத்து எண்ணிப் பார்ப்போம். ராக்கின் சாதாரணத் தாளம் நான்கு அடி. ஒவ்வோர் அடியையும் இரண்டாகப் பிளந்தால் எட்டு இடம். இரண்டாம் அடியிலும் நான்காம் அடியிலும், அதாவது மூன்றாவது இடத்திலும் ஏழாவது இடத்திலும், டிரம்ஸ்காரர் 'டப்' என்று அறைவார். ராக்கின் திமிர் அந்த அறையில்தான் இருக்கிறது.

ஒரு வரியை வைத்துக்கொள்வோம். 'நாங்கள் தண்ணீர் கேட்டுக்கொண்டிருக்கிறோம்.' பத்திரிகைத் தமிழ். வாயால் உடைத்தால் நாங், கள், தண், ணீர், கேட், டுக், கொண், டி, ருக், கி, றோம். பதினொன்று. எட்டு இடத்தில் எட்டு போய் உட்கார, மூன்று அடுத்த சுற்றுக்குள் வழிகிறது. இரண்டாவது அறை 'கொண்' மீது விழுகிறது. அந்த 'கொண்'ணில் என்ன அர்த்தம் இருக்கிறது? ஒன்றுமில்லை. தமிழ் இழுக்கிறது என்று புகார் செய்கிறவர் இதைத்தான் கேட்டிருக்கிறார்.

அதே வரியைக் குழாயடியில் நிற்கிற அக்கா சொன்னால்: 'நாங்க தண்ணி கேட்டுட்ருக்கோம்.' நாங், க, தண், ணி, கேட், டுட், ருக், கோம். சரியாக எட்டு. முதல் அறை 'தண்' மீது விழுகிறது, இரண்டாவது 'ருக்' மீது. நான்கு அடியிலும் நாங், தண், கேட், ருக் என்று கனத்த அசைகளே நிற்கின்றன. இதை நான் செதுக்கவில்லை. பேசுகிறவர்கள் காலங்காலமாகச் செதுக்கிவைத்தது. 'கொச்சை' என்று பள்ளிக்கூடத்தில் பிரம்படி வாங்கித்தந்த அதே பேச்சு.

பேச்சுத்தமிழில் எழுதினாலும் கெடுகிற இடம் ஒன்று உண்டு. ஆங்கிலப் பாட்டுக்குப் போட்ட மெட்டில் தமிழைத் திணிப்பது. ஆங்கிலத்தில் உயிரெழுத்தை எவ்வளவு நீட்டினாலும் சொல் பெரும்பாலும் தப்பித்துக்கொள்ளும். நமக்கோ குறிலும் நெடிலும் அர்த்தத்தையே மாற்றும். 'மலை'யின் முதல் எழுத்தை இரண்டு அடிக்கு நீட்டினால் அது 'மாலை'. 'படு' நீண்டால் 'பாடு'. ஒரு குழுவின் பாட்டைக் கேட்கும்போது குறிலெல்லாம் நெடிலாகி, சொல் புரியாமல் காகிதத்தைத் தேட வேண்டி வந்தால், மெட்டு முதலில் வேறு மொழியில் பிறந்தது என்று தெரிந்துகொள்ளலாம்.

இதைத் தமிழில் முன்பே புரிந்துகொண்டவர்கள் ஈழத்தவர்கள். நித்தி கனகரத்தினம், ஏ.ஈ. மனோகரன் போன்றவர்கள் கிட்டாரோடு பாடிப் பரப்பிய பொப் பாட்டுகள் பேச்சுத்தமிழில் ஓடின. அது ராக் இல்லைதான். ஆனால் வழி அது.

சென்னையில் கானா பாடுகிறவர்களுக்கு இது யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. சாவு வீட்டில் விடிய விடியப் பாடுகிறவருக்குத் தாளத்துக்குச் சொல்லை நறுக்குவது மூச்சுவிடுகிற மாதிரி. இயக்குநர் பா. ரஞ்சித்தின் நீலம் பண்பாட்டு மையமும் இசையமைப்பாளர் டென்மாவும் சேர்ந்து 'தி காஸ்ட்லெஸ் கலெக்டிவ்' குழுவை அமைத்து, 2018 ஜனவரியில் கீழ்ப்பாக்கத்தில் மேடையேற்றினார்கள். டென்மா ராக் அறிந்தவர். 'குரங்கன்' குழுவில் ஏற்கெனவே தமிழில் இயங்கியவர். பத்தொன்பது பேர். கானாப் பாடகர்கள், ராப் பாடகர்கள், பறை, சட்டி, கூடவே கிட்டார், டிரம்ஸ். இடஒதுக்கீட்டையும் மாட்டுக்கறியையும் பாடினார்கள். அங்கே ராக்கைத் தமிழில் மொழிபெயர்க்கும் வேலை நடக்கவில்லை. ஏற்கெனவே தாளத்தில் வாழ்ந்த ஒரு தமிழுக்கு ராக் வந்து கைகொடுத்தது. திசை மாறிவிட்டது, தோழர்களே. உசிதா யூயா கேட்ட கேள்விக்கு ஹாப்பி எண்ட் சொன்ன பதிலைவிட ஒரு படி மேலான பதில் என்பது என் அபிப்பிராயம். ஜப்பானில் இரண்டு தரப்பும் நகரத்து இளைஞர்கள், மொழிதான் பிரச்சினை. இங்கே எந்த வாய் பாடலாம் என்பதும் பிரச்சினை.

பெயர் மட்டும் ஏன் ஆங்கிலம் என்று நக்கலடிப்பவர்கள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதரின் 'சாதியற்ற தமிழர்' என்ற கருத்திலிருந்து எடுத்த பெயர் அது. தமிழில் வைத்திருந்தால் இன்னும் நன்றாக இருந்திருக்கும் என்று எனக்கும் தோன்றியதுண்டு. சுவரொட்டிக்கு ஆங்கிலம், பாட்டுக்குத் தமிழ் என்பது ஆங்கிலத்தின் அதிகாரத்தை வாசலில் மட்டும் பயன்படுத்திக்கொள்கிற தந்திரமாகவும் இருக்கலாம்.

எனக்கு இருக்கிற கவலை வேறு. இப்போது தலைச்சோலைப் பக்கத்துப் பையன்கள் சொந்தமாகப் பாட்டு எழுதினால் 'இன்னா', 'வந்துக்கினு' என்று வடசென்னையில் எழுதுகிறார்கள். வங்கியில் என் கவுண்டருக்கு வருகிற அவர்களுடைய அப்பாவும் அம்மாவும் அப்படிப் பேசுவதில்லை. 'வந்துட்டிருக்கறனுங்க' என்கிற சேலத்துப் பேச்சை எண்ணிப் பார்த்தேன்: வந், துட், டி, ருக், க, ற, னுங், க. அதுவும் எட்டுதான். ஆனால் இரண்டாவது அறை விழுகிற ஏழாவது இடத்தில் 'னுங்' நிற்கிறது. எசமானுக்குக் கைகட்டிச் சொன்ன அந்த 'ங்க' மேல் டிரம்ஸ் அறைந்தால் என்ன ஒலிக்கும்? பணிவா, பகடியா? அதை இன்னும் யாரும் பாடி நான் கேட்கவில்லை.