'முடியுமா?' என்றால் வலிமையை அளப்பதா?

'அந்தக் கோப்பை அனுப்ப முடியுமா?' என்று ஒருவர் கேட்கிறார். 'முடியும்' என்று சொல்லிவிட்டு மற்றவர் தம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறார். இதை நகைச்சுவையாகச் சொல்லிச் சிரிப்பதோடு நின்றிருந்தால் இதைப் பற்றி எழுத வேண்டிய தேவையே இல்லை. ஆனால், இந்த நகைச்சுவையையே இலக்கண விதியாக்கிப் பிள்ளைகளைத் திருத்தும் வழக்கம் நம் தமிழாசிரிய நண்பர்கள் சிலரிடம் வேரூன்றியிருக்கிறது. 'ஐயா, இந்தக் கணக்கை இன்னொரு முறை சொல்லித்தர முடியுமா?' என்று கேட்ட மாணவனிடம், 'என்னால் முடியும்; அதில் உனக்கென்ன ஐயம்?' என்று கேட்டு வகுப்பையே சிரிக்க வைக்கிறார்கள். பணிவோடு பேசிய பிள்ளை தலைகுனிந்து அமர்கிறான். கணக்கும் விளங்காமல் போகிறது.

இவர்கள் சொல்லும் காரணம் இதுதான்: 'முடியுமா' என்பது ஆற்றலைப் பற்றிய வினா. செயலை வேண்டுவோர் 'அனுப்புங்கள்', 'சொல்லுங்கள்' என்றே கேட்க வேண்டும். வினாவால் வேண்டுவது ஆங்கிலத்தைப் பார்த்துப் பேசும் பழக்கம், தமிழ் மரபன்று. கேட்பதற்குக் கறாரான இலக்கணம்போலத் தோன்றினாலும், இந்த வாதம் தமிழ் இலக்கணத்துக்கே மாறானது என்பது என் கருத்து.

முதலில் நாம் அன்றாடம் வழங்கும் எதிர்மறையைப் பார்ப்போம். தம்பி மிதிவண்டியைக் கேட்கிறான். அண்ணன், 'தர முடியாது, போ!' என்கிறான். அண்ணனுக்குக் கையில் வலுவில்லை என்று அங்கே யாராவது பொருள் கொள்கிறார்களா? 'தர மாட்டேன்' என்பதே அதன் பொருள் என்பதை மூன்று வயதுக் குழந்தையும் அறியும். 'முடியாது' என்ற சொல்லுக்கு 'விருப்பமில்லை, மறுக்கிறேன்' என்ற பொருளைத் தமிழர் எல்லாரும் ஏற்றுக்கொண்டிருக்கிறோம். அப்படியிருக்க, அதே சொல்லின் வினா வடிவம் மட்டும் எப்போதும் ஆற்றலையே கேட்க வேண்டும் என்று பிடிவாதம் பிடிப்பது என்ன நியாயம்? மறுப்புக்கு இடம் தந்த சொல் வேண்டுகோளுக்கும் இடம் தரத்தான் செய்யும்.

அடுத்து, மரபு. பவணந்தி முனிவர் 13ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இயற்றிய நன்னூல் வினாவை ஆறு வகையாகப் பிரிக்கிறது: அறிவினா, அறியா வினா, ஐய வினா, கொளல் வினா, கொடை வினா, ஏவல் வினா. இந்தப் பாகுபாட்டை நாம் எல்லாரும் பயிற்சிக் காலத்தில் மனனம் செய்தவர்கள்தாம். ஆனால், இது எதை அடிப்படையாகக் கொண்டது என்பதை நின்று நோக்கியவர் சிலரே. வினாச் சொல்லையோ வாக்கிய அமைப்பையோ வைத்து இது பிரிக்கப்படவில்லை. கேட்பவரின் நோக்கத்தை வைத்தே பிரிக்கப்பட்டது. 'இப்பாடலின் பொருள் என்ன?' என்று ஆசிரியர் மாணவரிடம் கேட்டால் அறிவினா; மாணவர் ஆசிரியரிடம் கேட்டால் அறியா வினா. வாக்கியம் ஒன்று, வகை இரண்டு. கடைக்காரரிடம் 'பருப்பு இருக்கிறதா?' என்று கேட்பது கொளல் வினா. அவருடைய கையிருப்பைக் கணக்கெடுக்க அங்கே யாரும் போவதில்லை, வாங்கத்தான் போகிறோம். வீட்டுப்பாடம் செய்யாத மகனிடம் தாய், 'வீட்டுப்பாடத்தைச் செய்தாயா?' என்று கேட்பது ஏவல் வினா. 'போய்ச் செய்' என்பதே அதன் கருத்து.

ஆக, வினாவின் உடையில் வேண்டுதலும் ஏவலும் வரும் என்பதை எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நம் இலக்கணம் வகுத்து, அதற்குப் பெயரும் இட்டிருக்கிறது. 'முடியுமா' என்ற குறிப்பிட்ட வடிவம் இன்று பெருகியிருப்பதற்கு ஆங்கிலமும், ஆற்றல், அனுமதி, வேண்டுகோள் மூன்றுக்கும் ஒரே சொல்லை வழங்கும் மலாய் மொழியும் காரணமாக இருக்கலாம். அதை நான் மறுக்கவில்லை. ஆனால், வினாவால் வேண்டும் முறை இரவல் சரக்கன்று.

மேனாட்டார் இதை ஆராய்ந்தது அண்மைக் காலத்தில்தான். அமெரிக்க மெய்யியலாளர் ஜான் சர்ல் 1975இல் வெளியான கட்டுரையொன்றில் இதற்கு நல்ல விளக்கம் தந்தார். ஒருவரிடம் ஒன்றைச் செய்யச் சொல்வதற்கு, அவரால் அது இயலும் என்பது முன்நிபந்தனை. அந்த நிபந்தனை நிறைவேறியிருக்கிறதா என்று கேட்பதன்மூலம் கோரிக்கையையே முன்வைத்து விடுகிறோம். உளவியலாளர் ஹெர்பர்ட் கிளார்க் 1979இல் வெளியிட்ட ஆய்வில், கடைகளுக்குத் தொலைபேசியில் அழைத்து, எத்தனை மணிக்கு மூடுவீர்கள் என்று சொல்ல முடியுமா எனக் கேட்டுப் பார்த்திருக்கிறார்கள். கடைக்காரர்கள் நேரத்தைச் சொன்னார்கள். சிலர் 'ஆம்' என்று தொடங்கி நேரத்தைச் சொன்னார்கள். அந்த 'ஆம்' கேட்ட சொல்லுக்கு விடை; நேரம் கேட்ட கருத்துக்கு விடை. வெறும் 'ஆம்' என்று நிறுத்துவது உலக வழக்கன்று.

அப்படியானால் ஆற்றலைக் கேட்கும் 'முடியுமா'வும் இல்லையா? உண்டு. இரண்டையும் பிரித்தறியக் கற்பிப்பதுதான் ஆசிரியரின் வேலை. அதற்குச் சில எளிய சோதனைகள் உள்ளன. 'தயவுசெய்து' என்ற சொல்லைச் சேர்த்துப் பாருங்கள். 'தயவுசெய்து சன்னலைத் திறக்க முடியுமா?' இயல்பாக ஒலிக்கிறது; ஆகவே வேண்டுகோள். 'தயவுசெய்து உன்னால் இந்த ஆற்றை நீந்திக் கடக்க முடியுமா?' ஒட்டவில்லை, ஆகவே ஆற்றல் வினா. இனி 'இதோ' என்று விடை சொல்லிப் பாருங்கள். முதல் வினாவுக்கு 'இதோ' பொருந்தும், அடுத்ததற்குப் பொருந்தாது. 'உன்னால்' என்ற சொல் அழுத்தத்தோடு வந்தால் பொருள் ஆற்றலின் பக்கம் சாயும். 'கொஞ்சம் திறக்க முடியுமா' என்று 'கொஞ்சம்' வந்தால் வேண்டுகோளின் பக்கம் சாயும். இவற்றுக்கும் மேலாக, விடை கேட்பவருக்கு முன்பே தெரியுமா என்று பார்க்க வேண்டும். சன்னலருகில் கை கால் நலத்தோடு அமர்ந்திருப்பவரிடம் அவர் ஆற்றலைக் கேட்டறிய என்ன இருக்கிறது?

இப்போது இதன் விளைவுக்கு வருகிறேன். வாக்கிய வகைகளைச் செய்தி, வினா, கட்டளை, விழைவு, உணர்ச்சி என்று தொடக்கப் பள்ளியில் கற்பிக்கிறோம். பல பயிற்றிகளில் இது நிறுத்தக்குறிப் பயிற்சியாகச் சுருங்கிவிட்டது. கேள்விக்குறி கண்டால் வினா, வியப்புக்குறி கண்டால் உணர்ச்சி. 'எனக்கு அந்தப் புத்தகத்தைத் தர முடியுமா?' என்பதற்கு ஒரு மாணவி 'விழைவு' என்று எழுதினால் சிவப்பு மை பாய்கிறது. அவள் பொருளைப் படித்தாள். நாம் புள்ளியைப் படித்தோம். அமைப்பால் வினா, கருத்தால் விழைவு என்ற இரண்டையும் ஏற்பதே முறை. ஒரே விடைதான் வேண்டுமென்றால் கேள்வியைத் தெளிவாகக் கேட்க வேண்டும்: 'அமைப்பு எது?' என்றோ, 'பேசுபவரின் நோக்கம் எது?' என்றோ. இரண்டையும் கலந்து கேட்டுவிட்டுப் பிள்ளையின் மதிப்பெண்ணைக் குறைப்பது முறையன்று.

கோப்புக்கு வருவோம். ஒரு பள்ளியின் புலனக் குழுவில் தலைமையாசிரியர், 'ஐந்தாம் ஆண்டு மதிப்பெண் கோப்பை இன்று அனுப்ப முடியுமா?' என்று எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஆசிரியர் ஒருவர், 'முடியும் ஐயா' என்று பதில் இடுகிறார். மாலைவரை கோப்பு வரவில்லை. 'முடியுமா என்றுதானே கேட்டார்? அனுப்பச் சொல்லவில்லையே!' என்கிறார் அவர். இதற்கு நன்னூலிலேயே தீர்ப்பு இருக்கிறது. அது விடையை எட்டு வகையாக்கும்போது, 'செய்வாயா?' என்பது போன்ற வினாவுக்கு 'செய்வேன்' என உடன்படுவதை நேர் விடை என்கிறது. உடன்பாடு என்பது வாக்குறுதி. ஆகவே 'முடியும் ஐயா' என்று எழுதிய கணமே அந்த ஆசிரியர் அனுப்புவதாக ஏற்றுக்கொண்டுவிட்டார். கோப்பு அணியமாக இல்லையென்றால் அதைச் சொல்லவும் அதே பட்டியலில் வழி உண்டு. 'நேற்று எனக்குக் காய்ச்சல் ஐயா' என்றால் உற்றது உரைத்தல். 'இன்று அனுப்பினால் இரண்டு மாணவரின் மதிப்பெண் விடுபடும்' என்றால் உறுவது கூறல். நேரடியாக 'இல்லை' என்று சொல்லாமலே மறுக்கும் பண்பட்ட விடைகள் இவை. வினா மறைமுகமாக வருவதுபோலவே விடையும் மறைமுகமாக வரலாம் என்பதை நம் இலக்கணம் எவ்வளவு நுட்பமாகக் கண்டிருக்கிறது!

ஆனால், தலைமையாசிரியர் பக்கமும் ஒரு சொல் உண்டு. பேச்சில் குரலும் முகமும் பொருளைக் காட்டும். எழுத்தில் அவை இல்லை. நாற்பது மாணவரின் மதிப்பெண்ணை ஒரே நாளில் தொகுக்க இயலுமா என்பதே உண்மையான ஐயமாக இருக்கும் இடத்தில் 'அனுப்ப முடியுமா' என்பது இருபொருள் படும். அங்கே 'இன்று மாலை 4 மணிக்குள் அனுப்புங்கள். இயலாதாயின் தெரிவியுங்கள்' என்று எழுதுவது நல்லது. தேர்வுத் தாளிலும் இதனால்தான் 'எழுதுக', 'கோடிடுக' என்கிறோம். அங்கே மறுக்கும் உரிமை இல்லை. இருப்பதுபோலக் காட்டுவதும் முறையன்று. சொல்லை அப்படியே பொருள் கொள்ளும் இயல்புடைய பிள்ளைகள் சிலரும் வகுப்பில் உண்டு. அவர்களிடம் 'புத்தகத்தை எடுக்க முடியுமா?' என்பதைவிடப் 'புத்தகத்தை எடு' என்பதே அன்பு.

அனுமதி கேட்குமிடமும் வேறு. 'தண்ணீர் குடிக்கப் போக முடியுமா?' என்று கேட்கும் பிள்ளைக்குப் 'போகலாமா?' என்ற சொல்லைக் கற்றுத் தருவது தேவையே. தமிழில் அனுமதிக்குத் தனி வடிவம் இருக்கிறது. அதை இழக்கக் கூடாது. வேண்டுகோளுக்கும் 'அனுப்புங்களேன்', 'அனுப்புகிறீர்களா?', 'அனுப்பினால் நன்றாயிருக்கும்' என்று பல வடிவங்கள் உள்ளன. அத்தனையையும் பிள்ளைகளுக்குக் கொடுப்போம். ஒன்றைக் கொடுப்பதற்காக இன்னொன்றைப் பிழையென்று ஏளனம் செய்ய வேண்டியதில்லை.

அடுத்த முறை ஒரு மாணவன், 'ஐயா, இன்னொரு முறை சொல்லித்தர முடியுமா?' என்று கேட்டால், அதற்குரிய விடை கரும்பலகைப் பக்கம் திரும்பி மீண்டும் முதலடியிலிருந்து தொடங்குவதுதான். மாற்றுக் கருத்துடைய நண்பர்கள் சான்றோடு மறுக்கட்டும்; கேட்கக் காத்திருக்கிறேன்.