பெயரை மாற்றினேன், குரலை மாற்றவில்லை

களப்பணி சார்ந்த ஆய்வேடுகளில் முறையியல் இயலின் கடைசியில் பெரும்பாலும் ஒரு வரி இருக்கும்: "தகவலாளர்களின் ஒப்புதல் பெறப்பட்டது; அவர்களின் பெயர்கள் மாற்றப்பட்டுள்ளன." என் ஆய்வேட்டு வரைவிலும் அந்த வரி இருந்தது. சென்ற ஆண்டு அதை நீக்கினேன். ஒப்புதல் பெற்றதும் பெயரை மாற்றியதும் உண்மைதான். ஆயினும் அந்த வரி காக்க வேண்டியவரைக் காக்கவில்லை. அது எப்படி என்பதை எழுதுவது என் கடமை. இங்கே வரும் சில விவரங்களை அடையாளம் தெரியாதிருக்க வேண்டி மாற்றியிருக்கிறேன்.

பெங்களூர் ஜீவனஹள்ளியில் தலைமுறைகளாக வாழும் தமிழர்களின் பேச்சில் கன்னடச் சொற்கள் எந்தெந்த இடங்களில் வந்து அமர்கின்றன என்பது என் ஆய்வு. ஆய்வுக்கு இயல்பான பேச்சு வேண்டும். ஆனால் ஒலிப்பதிவுக் கருவியைக் கண்டதும் எவரும் நாவைத் திருத்திக்கொள்வார்கள். இச்சிக்கலுக்கு வில்லியம் லபோவ் தம் நியூயார்க் ஆய்வில் கையாண்ட உத்தி ஒன்று உண்டு: "உயிர் போய்விடும் என்று நினைத்த தருணம் உங்கள் வாழ்வில் உண்டா?" என்று கேட்பது. அந்நினைவில் மூழ்குபவர் தம் பேச்சைக் கவனிக்க மறந்துவிடுவார். சமூக மொழியியல் படித்த அனைவரும் அறிந்த கேள்வி இது. நானும் கேட்டேன்.

அறுபதைத் தாண்டிய ஓர் அம்மையார் சற்று நேரம் பேசாதிருந்தார். பிறகு 1991 டிசம்பரைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். காவிரி நடுவர் மன்றத்தின் இடைக்கால உத்தரவையொட்டி இந்நகரில் தமிழர்கள் மீது வன்முறை நிகழ்ந்த நாள்கள் அவை. விளக்கை அணைத்துவிட்டுக் குழந்தையின் வாயைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்திருந்ததைச் சொன்னார். தம் தெருவைச் சேர்ந்த ஒருவர் அன்று நடந்துகொண்ட விதத்தையும் சொன்னார். அந்த மனிதரின் குடும்பம் இன்றும் அதே தெருவில் இருக்கிறது. அவர் குரல் நடுங்கியது. நானோ, இத்தனை இயல்பான பேச்சு கிடைத்ததே என்று உள்ளூர மகிழ்ந்துகொண்டிருந்தேன். நியூயார்க்கில் அந்தக் கேள்வி எதைக் கிளறியதோ அறியேன். ஜீவனஹள்ளியில் அது எதைக் கிளறும் என்பதை ஊர் வரலாறு தெரிந்த நான் முன்கூட்டியே எண்ணியிருக்க வேண்டும்.

சில மாதங்களுக்குப் பின் ஒரு கருத்தரங்கில் அந்தப் பதிவிலிருந்து நாற்பது நொடிகளை ஒலிக்கவிட்டேன். பெயர் எதுவும் அதில் இல்லை. கன்னட வினையெச்சம் ஒன்று தமிழ் வாக்கியத்துள் வரும் இடம் என்பதால் தேர்ந்தெடுத்த துண்டு அது. தேநீர் இடைவேளையில் பார்வையாளர் ஒருவர் அருகில் வந்து, "இது எங்க பக்கத்துத் தெரு அக்கா குரல் மாதிரியே இருக்கே!" என்றார். அவர் சொன்ன பெயர் சரியானது.

எங்கே தவறினேன் என்று பின்னர் வரிசையாக எண்ணிப் பார்த்தேன். முதல் தவறு ஒப்புதலில். படிவத்தைத் தமிழில் படித்துக் காட்டித்தான் கையெழுத்து வாங்கினேன். ஆனால் என்னை அவரிடம் அழைத்துச் சென்றவர் அவர் கடன் பெற்றிருந்த மகளிர் குழுவின் தலைவி. தலைவி அருகில் அமர்ந்திருக்கையில் ஒரு கடனாளியால் 'வேண்டாம்' என்று எப்படிச் சொல்ல முடியும்? இன்னொன்று, அவர் கையெழுத்திட்டது பேசுவதற்கு முன்பு. என்ன சொல்லப்போகிறோம் என்பதே அப்போது அவருக்குத் தெரியாது. மருத்துவ ஆய்வில் எந்த ஊசி போடப்போகிறார்கள் என்பதை முன்கூட்டியே விளக்கலாம். நேர்காணலில் வரப்போவது பேசுபவரின் நினைவு. அதை யாராலும் முன்கூட்டி விளக்க இயலாது.

இரண்டாவது தவறு பெயர் மறைப்பில். மொழியியலாளருக்கு இது தெரியாமல் போனதுதான் வியப்பு. ஒருவர் எந்த ஊரிலிருந்து வந்தவர், எந்தத் தலைமுறை, எந்தச் சமூகம் என்பதைப் பேச்சு காட்டிவிடும் என்பதே எங்கள் துறையின் அடிப்படை. அப்பேச்சையே வெளியிட்டுவிட்டுப் பெயரை மட்டும் மறைப்பதில் பொருளில்லை. குரலின் சுருதியை மாற்றிவிடலாமே என்று சிலர் கேட்பார்கள். கட்டையாக்கிய குரலிலும் பேச்சின் நடையும் வழக்கமான சொற்களும் அப்படியே இருக்கும்; தெரிந்தவர் கண்டுகொள்வார். இன்னும் கூடுதலாகச் சிதைத்தால் உயிரொலிகளின் அளவீடு பயனற்றுப்போகும். என் ஆய்வோ வாக்கிய அமைப்பைப் பற்றியது. எழுத்தில் வடித்த வாக்கியமே எனக்குப் போதும். அந்தத் துண்டை ஒலிக்கவிட வேண்டிய தேவை எள்ளளவும் இருக்கவில்லை.

பின்னிணைப்பு அட்டவணையிலும் இதே சிக்கல். வயது 63, தொழில் வீட்டுவேலை, பிறந்த ஊர் இன்னது, பிள்ளைகள் இத்தனை என்று தனித்தனியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. நான்கையும் சேர்த்து அத்தெருவில் கேட்டால் ஒரே வீட்டைத்தான் காட்டுவார்கள். இப்போது வயதைப் பத்தாண்டு வரம்பாகவும், ஊரை 'வடதமிழகம்' என்றும் மாற்றியிருக்கிறேன். ஒரு வரிசையின் விவரங்கள் அப்பகுதியில் ஐந்து பேருக்காவது பொருந்தாவிட்டால் இன்னும் பொதுமைப்படுத்துகிறேன்.

மூன்றாவது, வாக்குறுதி. "இது யாருக்கும் தெரியாதும்மா" என்று அவரிடம் சொல்லியிருந்தேன். பாஸ்டன் கல்லூரியின் பெல்ஃபாஸ்ட் திட்டத்தை இங்கே நினைவூட்ட வேண்டும். 2001 முதல் 2006 வரை வட அயர்லாந்தின் முன்னாள் ஆயுதப் போராளிகளிடம் பேட்டிகள் எடுத்தார்கள்; பேசியவர் இறக்கும்வரை பதிவு வெளிவராது என்று உறுதியளித்தார்கள். அமெரிக்கச் சட்டம் அனுமதிக்கும் அளவுக்கே அந்த உறுதி செல்லும் என்ற வரம்பு அவர்கள் கையெழுத்திட்ட ஒப்பந்தத்தில் இல்லை. 2011இல் காவல்துறைக்காக நீதிமன்ற ஆணை வந்தது. 2013இல் சில பதிவுகள் கைமாறின. நம் சாட்சியச் சட்டமும் வழக்கறிஞருக்குத் தரும் பாதுகாப்பை ஆய்வாளருக்குத் தருவதில்லை. ஆகவே "யாருக்கும் தெரியாது" என்று சொல்ல எனக்கு உரிமையே இல்லை. "நானாக யாருக்கும் தரமாட்டேன், நீதிமன்றம் கேட்டால் மறுக்க முடியாது, ஆகவே வழக்குக்குள் போகக்கூடியவற்றைச் சொல்ல வேண்டாம்" என்பதே நேர்மையான வாக்கு.

இப்போது ஒப்புதலை இருமுறை கேட்கிறேன். பேசும் முன் ஒருமுறை. பேசி முடித்துச் சில நாள் கழித்து, அறிமுகம் செய்தவர் இல்லாத நேரத்தில் மறுமுறை. பதிவை ஒலிக்கவிட்டு எதை நீக்கவேண்டும் என்று கேட்கிறேன். எழுத்தில் மேற்கோளாகக் காட்டலாமா, குரலை ஒலிக்கவிடலாமா, பிற ஆய்வாளருக்குத் தரலாமா என்பவை மூன்று தனிக் கேள்விகள். ஒன்றுக்குச் சொன்ன 'சரி' மற்றதற்கு ஆகாது. ஆய்வேடு அச்சேறிய பின் திரும்பப் பெற இயலாது என்பதையும், அதற்கான கடைசி நாளையும் சொல்லிவிடுகிறேன். இதனால் நேரம் இரட்டிப்பாகிறது. நல்ல சான்றுகள் சில கைவிட்டுப் போகின்றன.

அந்த அம்மையாரிடம் சென்று நடந்ததைச் சொன்னேன். கோபித்துக்கொள்வார் என்று எதிர்பார்த்தேன். "அந்தாளு பேரு அதில வந்துச்சா?" என்றுதான் கேட்டார். இல்லை என்றேன். சற்று யோசித்து, "கலவரத்தப் பத்திப் பேசினத மட்டும் அழிச்சிடு கண்ணு. அரிசி வாங்கப் போன கதை இருக்கட்டும்" என்றார். அவர் முன்னிலையிலேயே அழித்தேன். மடிக்கணினியிலும் இணையச் சேமிப்பிலும் இருந்த படிகளையும் அன்றே நீக்கினேன். கருத்தரங்கில் கேட்டவர்களின் காதிலிருந்து அதை நீக்க எனக்கு வழியில்லை.

வாய்மொழித் தேர்வுகளில் அமரும் பேராசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள். ஒப்புதல் படிவம் இருக்கிறதா என்று மட்டும் கேட்காதீர்கள். அது வாங்கப்பட்டபோது அறையில் வேறு யார் இருந்தார்கள் என்றும் கேளுங்கள்.