பெயரைக் கேட்டதும் புரிய வேண்டும்

மதிப்பிற்குரிய தஞ்சாவூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கு,

ரத்தம் தேவைப்படும் குடும்பங்களுக்கும் கொடையாளர்களுக்கும் இடையே தொலைபேசியில் தொடர்பு ஏற்படுத்தித் தரும் தன்னார்வலன் நான். எங்கள் குழுவின் பெயரை மாற்ற விரும்புகிறோம். அதற்கான காரணத்தை நீங்கள் அறிய வேண்டும்.

பழைய பெயரில் ‘உயிர்த்துளி’யும் ‘அறக்கட்டளை’யும் இருந்தன. ஒருநாள் இரவு பதினொரு மணி. பிரசவத்தில் ரத்தப்போக்கு, ஓ நெகட்டிவ் வேண்டும். கல்லூரி முகாமில் தன் எண்ணைத் தானே எழுதித் தந்த இளைஞரை அழைத்துப் பெயரைச் சொன்னேன். “நன்கொடையெல்லாம் இப்ப முடியாதுங்க” என்று வைத்துவிட்டார். அறக்கட்டளை என்றால் பணம் கேட்பவர்கள் என்றே அவர் காதில் விழுந்திருக்கிறது. மறுபடி அழைத்து, “தஞ்சாவூர், ரத்தம், ஓ நெகட்டிவ்” என்றேன். அரை மணி நேரத்தில் வந்துவிட்டார். ‘உயிர்த்துளி’யைக் கேட்டுச் சொட்டு மருந்து முகாமா என்று கேட்டவர்களும் உண்டு.

‘ரத்த வங்கி’ என்று வைக்கச் சிலர் சொன்னார்கள். வேண்டாம் என்றேன். ரத்தத்தைச் சேமித்து வழங்க 1940ஆம் ஆண்டின் மருந்துகள், அழகுசாதனப் பொருட்கள் சட்டப்படி உரிமம் வேண்டும். எங்களிடம் இருப்பது பெயர்ப்பட்டியல் மட்டுமே. வங்கி என்று நம்பி நோயாளியின் அண்ணன் ஐஸ்பெட்டியோடு வந்து நின்றால் அவருக்கு என்ன பதில் சொல்வது?

பெயரில் ‘இலவச’ என்ற சொல்லைச் சேர்ப்பதிலும் சிக்கல் உண்டு. கொடையாளர் காசு வாங்குவதில்லை. காசுக்கு ரத்தம் கொடுப்பது உச்ச நீதிமன்றத் தீர்ப்பால் 1998 ஜனவரி முதல் தடைசெய்யப்பட்டது. ஆனால் தனியார் மருத்துவமனையில் பரிசோதனைக்கும் பிரித்தெடுப்பதற்கும் கட்டணம் உண்டு. அந்தப் பில்லைப் பார்க்கும் குடும்பம் எங்களைத் தரகர் என்று நினைக்கும். ஒருமுறை அந்தப் பெயர் வந்துவிட்டால் ஊரில் ஒருவரும் எண் தர மாட்டார்கள்.

ஆகவே ‘தஞ்சை ரத்தக் கொடையாளர்கள்’ என்று வைக்க முடிவுசெய்திருக்கிறோம். ஊர்ப் பெயர் முன்னால் வந்தால், எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதை அழைப்பை எடுப்பவர் உடனே கணக்கிடுவார். ‘குருதி’ எனக்குப் பிடித்த சொல். ஆனால் பதற்றத்தில் இருப்பவர் தேடும் சொல் ரத்தம்தான். சின்னமாகச் செஞ்சிலுவையைப் போட மாட்டோம். 1960ஆம் ஆண்டின் ஜெனீவா உடன்படிக்கைச் சட்டம் அதைத் தடுக்கிறது.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். அரசு முத்திரையோ உங்கள் படமோ எங்கள் தட்டியில் வேண்டாம். எங்களை அரசு அலுவலகம் என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. அரசு மருத்துவமனை ரத்த மையத்தின் அறிவிப்புப் பலகையில் எங்கள் பெயரையும் எண்ணையும் எழுத அனுமதியுங்கள். நள்ளிரவில் எங்கள் அழைப்பைச் சந்தேகிப்பவர் அங்கே ஒரு போன் செய்து, “இவங்க உண்மையா?” என்று கேட்டுக்கொள்ளட்டும்.

இப்படிக்கு,
ஒரு தன்னார்வலர்