கதவு பூட்டியிருக்கு, சாவி யாரிட்ட?

"திறமை இருந்தா எந்தத் தொழிலுக்கும் போகலாம்" எண்டு ஒரு கதை எங்களுக்கு அடிக்கடி சொல்லப்படும். பொருளியலில் இதற்கு எதிர்க்கதை ஒன்று இருக்கிறது: நுழைவுத் தடைகள். ஒரு சந்தையில் நல்ல லாபம் இருக்கு. புதிய ஆக்கள் வரவும் ஆசைப்படுகிறார்கள். ஆனால் வர முடியவில்லை. ஏன்?

பாடப்புத்தகங்கள் இதற்கு ஒரு பட்டியல் தரும். நாங்கள் ஒரே ஒரு கொம்பனியின் கதையைப் பார்ப்போம். அமெரிக்காவின் அல்கோவா, அலுமினியம் செய்கிற கொம்பனி. அது ஒரு தடை போனதும் இன்னொன்றுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டது.

1886இல் சார்ள்ஸ் மார்ட்டின் ஹோல் என்ற 22 வயது இளைஞர், மின்சாரத்தைப் பயன்படுத்தி அலுமினியத்தை மலிவாகப் பிரித்தெடுக்கும் முறையைக் கண்டுபிடித்தார். 1889இல் காப்புரிமை கிடைத்தது. அந்தக் காலத்து அமெரிக்கச் சட்டப்படி 17 வருடங்களுக்கு வேறு யாரும் அனுமதியில்லாமல் அந்த முறையைப் பயன்படுத்த ஏலாது. இதில் எங்களுக்குப் பெரிய கோபம் இல்லை. கண்டுபிடித்தவருக்குப் பலன் கிடைக்கவேணும், முறையும் எழுத்தில் வெளியாகிறது, முடிவுத் திகதியும் இருக்கிறது. ஹோலின் காப்புரிமை 1906இல் முடிந்தது. கொம்பனி வாங்கி வைத்திருந்த இன்னொரு காப்புரிமையும் 1909இல் முடிந்தது.

அப்ப, 1909க்குப் பிறகு போட்டி வந்திருக்கவேணும் தானே? வரவில்லை.

காரணம் மூலப்பொருள். ஒரு தொன் அலுமினியத்துக்கு ஏறத்தாழ நாலு தொன் பொக்சைட் மண் வேணும், மலை மாதிரி மின்சாரமும் வேணும். கொம்பனி நல்ல பொக்சைட் நிலங்களை முன்னரே வாங்கிவிட்டது. மின்சாரம் விற்கிற சில நிறுவனங்களோடு செய்த ஒப்பந்தங்களில், "வேறு அலுமினிய உற்பத்தியாளருக்கு மின் விற்கக்கூடாது" என்ற நிபந்தனையையும் போட்டிருந்தது. முறை எல்லாருக்கும் தெரியும், ஆனால் சட்டியில் போட ஒன்றுமில்லை! 1912இல் நீதிமன்ற உத்தரவு ஒன்று இப்படியான நிபந்தனைகளை ரத்துச் செய்தது.

அதற்குப் பிறகும் அல்கோவாவின் இடம் அசையவில்லை. இப்போது காவலுக்கு நின்றது அதன் பருமன். உலை, அணை, சுரங்கம் எல்லாவற்றுக்கும் முதலில் பெருங்காசு கொட்டவேணும். அந்தச் செலவை நிறையத் தொன்களில் பகிர்ந்தால் ஒரு தொன்னின் செலவு குறையும். சின்னதாகத் தொடங்குகிறவருக்கு அதே தொன் கூட விலையில் தான் முடியும். கேள்வி கூடுவதற்கு முன்னமே அல்கோவா தன் உற்பத்தித் திறனைக் கூட்டிக்கொண்டு போனது. புதிதாக வாறவருக்கு வாடிக்கையாளர் மிஞ்சவில்லை. 1945இல் நீதிபதி லேர்னட் ஹான்ட் தீர்ப்பெழுதியபோது, அமெரிக்காவின் புதிய அலுமினியக் கட்டிச் சந்தையில் 90 வீதத்துக்கு மேல் அல்கோவாவின் கையில் இருந்ததாகக் கணக்கிட்டார்.

பூட்டு எப்படித் திறந்தது? போர்க்காலத்தில் அரசு தன் காசில் கட்டிய ஆலைகள், போர் முடிந்ததும் ரெய்னோல்ட்ஸ், கைசர் என்ற இரண்டு கொம்பனிகளின் கைக்குப் போயின. அதாவது, பெரிய ஆலை கட்டுகிற ஆரம்பச் செலவை அவர்கள் முழுதாகச் சுமக்கவேண்டி இருக்கவில்லை. அதன் பிறகுதான் மூன்று பேர் போட்டியிடும் சந்தை வந்தது.

நாலாவது தடை, அனுமதிப்பத்திரம், அல்கோவா கதையில் இல்லை. அதை எங்கட பஸ் தரிப்பிடத்தில் பார்க்கலாம். யாழ்ப்பாணத்திலிருந்து கொழும்புக்குத் தனியார் பஸ் ஓட, நல்ல பஸ்ஸும் நல்ல சாரதியும் போதாது. தேசிய போக்குவரத்து ஆணைக்குழுவின் வழித்தட அனுமதிப்பத்திரம் வேணும். பாதுகாப்புக்கும் நேர ஒழுங்குக்கும் இப்படி ஒரு கட்டுப்பாடு தேவைதான். ஆனால் பரிசோதிக்கிறது வேற, எண்ணிக்கையை மூடி வைக்கிறது வேற. வித்தியாசத்தைக் கண்டுபிடிக்க ஒரு சுகமான வழி இருக்கு: எந்தத் தொழிலிலும், அனுமதிக் கடதாசிக்கே தனியாக ஒரு விலை பேசப்படுகிறதா எண்டு பாருங்கோ. பேசப்பட்டால், அந்த விலை தரத்துக்கானது இல்லை. மற்றவர்கள் உள்ளே வர ஏலாது என்பதற்கானது. கடைசியில் அதைக் கட்டுகிறது பயணிதான்.

எல்லாத் தடையையும் உடைக்கவேணும் எண்டு நாங்கள் சொல்லவில்லை. பருமனால் செலவு குறைந்து, விலையும் குறைந்தால் வாங்குகிறவருக்கு நல்லது. எங்கட வாதம் இதுதான்: முடிவுத் திகதி உள்ள தடையோடு வாழலாம். முடிவே இல்லாத தடையை யாராவது வெளியிலிருந்து தொடர்ந்து கேள்வி கேட்கவேணும். அல்கோவாவின் காப்புரிமை தானாக முடிந்தது. மற்ற இரண்டும் தானாக முடியவில்லை. ஒன்றுக்கு நீதிமன்றமும் மற்றதற்கு அரசின் ஆலைகளும் தேவைப்பட்டன.